லாபக் கோடு சரிந்தால் கடையை மூடலாமா?

கணினி நிரலை வைத்துப் பங்குச் சந்தையில் வியாபாரம் செய்கிறவர்கள், சந்தையின் சார்ட்டை விடத் தங்கள் சொந்தக் கணக்கின் சார்ட்டைத்தான் அதிகம் பார்ப்பார்கள். ஒவ்வொரு டிரேடும் முடிந்ததும் அதுவரை சேர்ந்த மொத்த லாபத்தை ஒரு புள்ளியாக வைத்து, புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும். அதற்கு ஈக்விட்டி கர்வ் என்று பெயர். உத்தி நன்றாக ஓடினால் கோடு ஏறும், தடுமாறினால் இறங்கும்.

அந்தக் கோட்டையே ஒரு பங்கின் விலை போல எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஒரு மூவிங் ஆவரேஜ் போட்டால் என்ன என்று யாருக்காவது தோன்றத்தான் செய்யும். பலருக்கும் தோன்றியிருக்கிறது. விதி மிக எளிது. லாபக் கோடு தன் சராசரிக்கு மேலே இருக்கும்வரை உத்தி ஓடட்டும். கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். திரும்ப மேலே வந்ததும் தொடங்க வேண்டும். பங்கைப் பார்த்து வாங்கி விற்கும் நிரலுக்கு மேலே, அந்த நிரலையே பார்த்து நிறுத்தி ஓட்டும் இன்னொரு நிரல்.

கேட்கும்போதே நியாயமாகப் படுகிறது. நஷ்ட காலத்தில் ஒதுங்கி நின்று, நல்ல காலத்தில் மட்டும் இறங்கினால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அந்த ஆசைக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டால்தான் அது வெளியே வரும்.

ஒருவர் வரிசையாக 14 டிரேடுகள் செய்கிறார் என்று கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை, எல்லாம் ஆயிரம் ரூபாய்க் கணக்கில். முடிவுகள் இப்படி வருகின்றன: +4, +3, −1, +5, +2, −3, −4, −2, −3, +1, +4, +5, +3, −1. எல்லாவற்றையும் எடுத்தால் கடைசியில் 13,000 ரூபாய் லாபம். நடுவில் 13,000 வரை ஏறிய கணக்கு 1,000-க்கு இறங்கித்தான் மீண்டது. அதாவது உச்சத்திலிருந்து 12,000 ரூபாய்ச் சரிவு.

இப்போது ஐந்து டிரேடு சராசரியை வைத்து வடிகட்டிப் பார்க்கலாம். முதல் ஐந்து டிரேடு முடிந்தபோது கணக்கில் 13, சராசரி 8.2. மேலேதான் இருக்கிறது, எனவே ஆறாவதை எடுக்கிறார். 3 போகிறது. கணக்கு 10, சராசரி 9.4. இன்னும் மேலேதான். ஏழாவதையும் எடுக்கிறார், 4 போகிறது. இப்போது கணக்கு 6, சராசரி 9.2. மணி அடித்துவிட்டது. எட்டாவது டிரேடிலிருந்து கையில் காசு இறக்காமல், காகிதத்தில் மட்டும் எழுதி வருகிறார். காகிதத்தில் −2, −3, +1, +4 என்று வருகிறது. பதினோராவது டிரேடு முடிந்தபோது காகிதக் கணக்கு 6, சராசரி 3.8. கோடு மேலே வந்துவிட்டதால் பன்னிரண்டாவதிலிருந்து மறுபடி காசு இறங்குகிறது.

அவர் விட்ட நான்கு டிரேடுகளைக் கூட்டினால் பூஜ்யம். ஐந்தாயிரம் நஷ்டத்தைத் தவிர்த்தார், ஐந்தாயிரம் லாபத்தையும் தவறவிட்டார். முடிவில் அதே 13,000 ரூபாய் லாபம். ஆனால் சரிவு மட்டும் 12,000-லிருந்து 7,000-ஆகக் குறைந்திருக்கிறது. லாபம் கூடாவிட்டாலும் வயிற்றெரிச்சல் குறைந்தது. இந்த வடிகட்டியை விரும்புகிறவர்கள் எதிர்பார்ப்பது இதைத்தான்.

அதே 14 டிரேடுகளை, ஒரு ரூபாய்கூட மாற்றாமல், வரிசையை மட்டும் கலைத்துப் பார்ப்போம். முதல் ஐந்து பழையபடியே இருக்கட்டும். அதன்பின் −3, −4, +5, −3, +4, −2, +3, +1, −1. வடிகட்டி இல்லாதவருக்கு இப்போதும் 13,000 ரூபாய் லாபம்தான், சரிவு 7,000 மட்டுமே. வடிகட்டி வைத்தவரோ ஏழாவது டிரேடு வரை அடி வாங்கிவிட்டு நிறுத்துகிறார். உடனே வந்த +5 கையை விட்டுப் போகிறது. அது காகிதக் கணக்கைச் சராசரிக்கு மேலே தூக்கிவிட, நம்பி இறங்குகிறார். −3. மறுபடி நிறுத்துகிறார், +4 போய்விடுகிறது. மறுபடி இறங்குகிறார், −2. கடைசியில் அவர் கையில் 4,000 ரூபாய். சரிவு 12,000.

டிரேடுகள் அதே, உத்தி அதே, சராசரியும் அதே. மாறியது வரிசை மட்டும். முதல் வரிசையில் நஷ்டங்கள் கூட்டமாக வந்தன. இரண்டாவதில் லாபமும் நஷ்டமும் மாறி மாறி வந்தன. வடிகட்டி விலைபோவது முதல் வகைக்கு மட்டுமே. ஒரு நஷ்டம் அடுத்த நஷ்டத்துக்கு அறிகுறியாக இருந்தால்தான் நிறுத்துவதில் பொருள் உண்டு.

மேலே சொன்ன காகிதக் கணக்கு சின்ன விஷயம் போலத் தெரியும். பல பேர் சறுக்குவது அங்கேதான். டிரேடை நிறுத்திய பிறகு சராசரியை எதை வைத்துப் போடுவது? உண்மையான கணக்கை வைத்துப் போட்டால், நிறுத்திய நாளிலிருந்து அது 6 என்ற எண்ணிலேயே உறைந்து நிற்கும். சராசரி மெல்ல இறங்கி, நான்கு டிரேடு கழித்து அதுவும் 6-க்கு வந்து சேரும். கோடும் சராசரியும் ஒட்டிக்கொண்டுவிட்டால் ஒன்று மற்றதை மேலே கடக்கவே முடியாது. நிரல் செத்தது போலக் கிடக்கும். அதனால்தான் உத்தி நின்றிருந்தாலும் ஓடினாலும், எல்லா சிக்னல்களையும் எடுத்ததாகவே பாவித்து ஒரு நிழல் கணக்கு எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முடிவெடுப்பது நிழல் கணக்கை வைத்து, காசு போய் வருவது உண்மைக் கணக்கில்.

நிழல் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. காகிதத்தில் வாங்கும்போது நினைத்த விலையில் கிடைத்துவிடும், சந்தையில் கிடைக்காது. புரோக்கர் கட்டணம், வரி, ஸ்லிப்பேஜ் இவற்றை நிழல் டிரேடுகளிலும் கழிக்காவிட்டால், நின்றிருக்கும் உத்தி ஓடும் உத்தியை விட எப்போதும் கொஞ்சம் அழகாகவே தெரியும். சீக்கிரமே திரும்ப இறங்கச் சொல்லும்.

இதை விட மோசமான தவறு எக்செல் ஷீட்டில் ஒரே ஒரு வரி தள்ளிப்போவதால் நடக்கிறது. B பத்தியில் ஒவ்வொரு டிரேடின் முடிவு, C பத்தியில் நிழல் கணக்கின் மொத்தம், D பத்தியில் வடிகட்டிய டிரேடின் முடிவு என்று வைத்துக்கொண்டால், ஏழாவது வரியில், அதாவது ஆறாவது டிரேடுக்கு, எழுத வேண்டியது இது:

```
=IF(C6>AVERAGE(C2:C6),B7,0)
```

முந்தைய வரி வரைக்குமான கணக்கைப் பார்த்து இந்த வரியின் டிரேடை எடுப்பதா என்று முடிவு செய்கிறது. ஆனால் அவசரத்தில் பலர் எழுதுவது இது:

```
=IF(C7>AVERAGE(C3:C7),B7,0)
```

இந்த டிரேடின் முடிவு தெரிந்த பிறகு, அதை எடுத்திருக்கலாமா என்று கேட்கிறது. கணக்கைக் கீழே தள்ளிய நஷ்டத்தை அந்த நஷ்டமே வெளியேற்றிவிடும். கணக்கை மேலே தூக்கிய லாபத்தை அந்த லாபமே உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் முதல் வரிசையில் இப்படிப் போட்டால் 13,000-க்குப் பதில் 21,000 ரூபாய் காட்டும். இரண்டாவது வரிசையிலோ இன்னும் வேடிக்கை. நியாயமாக 4,000 வர வேண்டிய இடத்தில் 20,000 என்று மின்னும். யாராவது வடிகட்டி போட்டதும் உத்தியின் லாபம் மளமளவென்று கூடிவிட்டது என்று சார்ட் காட்டினால், முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான். பாராட்டு அப்புறம்.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்று: உத்தியின் முடிவுகள் கூட்டமாக வருகின்றனவா? இது புதிய கேள்வி இல்லை. சூதாட்டத்தைப் பற்றி யோசித்த கணித அறிஞர் ரிச்சர்ட் ஃபான் மீசஸ் 1919-இல் தற்செயலுக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். முந்தைய முடிவுகளைப் பார்த்து எந்த ஆட்டத்தில் இறங்குவது, எதை விடுவது என்று எப்படித் தேர்ந்தெடுத்தாலும் வெற்றி விகிதம் மாறவில்லை என்றால்தான் அந்த வரிசை தற்செயலானது என்பது அதன் சாரம். ஈக்விட்டி கர்வ் வடிகட்டி செய்வது அப்படியே அந்தத் தேர்வைத்தான். முடிவுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் வந்தால், வடிகட்டி சராசரி டிரேடின் தரத்தை உயர்த்தாது. டிரேடுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான். லாபம் தரும் உத்தியில் டிரேடு குறைந்தால் லாபமும் அதே விகிதத்தில் குறையும். சரிவும் ஓரளவு குறையலாம், ஆனால் அதற்கு வடிகட்டி எதற்கு? பாதி லாட் போட்டாலே போதும்.

தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, நஷ்டத்துக்கு அடுத்து என்ன வந்தது என்று எண்ணுவது. நம் முதல் வரிசையில், அடுத்த டிரேடு தெரிந்த ஐந்து நஷ்டங்களில் மூன்றுக்குப் பின் மறுபடி நஷ்டம். இரண்டாவதில் ஐந்தில் ஒன்று மட்டுமே. ஐந்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பது தனி. நாணயம் சுண்டுவது போன்ற, பாதிக்குப் பாதி ஜெயிக்கும் உத்தியில் 100 நஷ்டங்களை எடுத்தால்கூட, எந்தத் தொடர்பும் இல்லாமலே அடுத்தது நஷ்டமாக வருவது 40 முதல் 60 முறை வரை ஆடும். அதைத் தாண்டினால்தான் கவனிக்கலாம்.

இன்னும் இரண்டு இடத்தில் கண் ஏமாறும். டிரெண்டைப் பின்தொடரும் உத்திகள் பலவும் மூன்றில் ஒரு டிரேடில்தான் ஜெயிக்கும். ஜெயிக்கும்போது பெரிதாக ஜெயிக்கும். அவற்றில் நஷ்டத்துக்குப் பின் நஷ்டம் வருவது இயல்பு, 65 சதவீதம் வந்தாலும் அது கூட்டம் ஆகாது. ஒப்பிட வேண்டியது உத்தியின் வழக்கமான நஷ்ட விகிதத்தோடுதான். அடுத்தது, ஒரே நாளில் பத்துப் பங்குகளில் இறங்கும் உத்தி. சந்தை விழுந்த நாளில் பத்தும் சேர்ந்து நஷ்டப்படும், வரிசையில் பத்து நஷ்டம் தொடர்ச்சியாக நிற்கும். அது ஒரே அடியின் பத்துத் துண்டுகள். வடிகட்டி இடையில் புகுந்து எதையும் தடுத்திருக்க முடியாது. இப்படிப்பட்ட உத்திகளுக்கு டிரேடு கணக்கை விட நாள் கணக்கே சரி.

இந்த இடத்தில் ஒரு பழைய சிகாகோ கதை உதவும். ரிச்சர்ட் டென்னிஸ் என்ற பெரும் கமாடிட்டி வியாபாரிக்கும் அவருடைய கூட்டாளி வில்லியம் எக்கார்ட்டுக்கும் ஒரு வாதம். நல்ல டிரேடர் பிறக்கிறாரா, பயிற்சியால் உருவாகிறாரா என்று. சொல்லிக்கொடுக்கலாம் என்ற டென்னிஸ், 1983-இல் விளம்பரம் கொடுத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து, விதிகளைக் கற்பித்து, காசும் கொடுத்து வியாபாரம் செய்ய வைத்தார். அவர்களுக்கு ஆமைகள் என்று பெயர் வந்தது. பின்னாளில் அந்த விதிகள் வெளியே வந்தன.

அவற்றில் முதல் முறை, விலை கடந்த 20 நாள் உச்சத்தைத் தாண்டினால் வாங்குவது, 20 நாள் தாழ்வை உடைத்தால் விற்பது. இதோடு ஒரு வடிகட்டியும் இருந்தது. அதே சந்தையில் முந்தைய பிரேக்அவுட் லாபத்தில் முடிந்திருந்தால், இந்தப் பிரேக்அவுட்டை விட்டுவிட வேண்டும். நஷ்டத்தில் முடிந்திருந்தால் எடுக்க வேண்டும்! நம் வடிகட்டிக்கு நேர் எதிர். ஒரு பெரிய டிரெண்ட் ஓடி முடிந்த சந்தை கொஞ்ச நாள் அலைக்கழிக்கும், பொய்யான பிரேக்அவுட்டுகளில் எல்லோரும் சலித்துப்போன பிறகுதான் அடுத்த பெரிய ஓட்டம் வரும் என்பது அதற்குப் பின்னிருந்த எண்ணம்.

அந்த விதியில் இரண்டு நுணுக்கங்களை ரசிக்கலாம். முந்தைய பிரேக்அவுட்டை அவர்கள் உண்மையில் எடுத்தார்களா, விட்டார்களா என்பது பொருட்டே இல்லை. எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே பார்த்தார்கள். நிழல் கணக்கு அப்போதே இருந்திருக்கிறது. இரண்டாவது, விட்ட பிரேக்அவுட் பெரிய ஓட்டமாக மாறிவிட்டால் என்ன செய்வது? விலை 55 நாள் உச்சத்தைத் தாண்டினால் கேள்வி கேட்காமல் ஏறிவிட வேண்டும் என்று ஒரு பின்வாசலும் வைத்திருந்தார்கள். வருஷத்தின் மொத்த லாபமும் இரண்டு மூன்று பெரிய ஓட்டங்களில் வந்துவிடும் உத்தியில், வடிகட்டி தடுத்த ஒன்று அந்த மூன்றில் ஒன்றாகப் போய்விடக் கூடாதே. ஈக்விட்டி கர்வ் வடிகட்டி போடுகிறவர்களில் இப்படி ஒரு பின்வாசலை யோசிக்கிறவர்கள் குறைவு.

வடிகட்டி நன்றாகவே வேலை செய்தாலும் அதற்குக் கண் பின்னால்தான். கோடு சரிந்த பிறகே அதற்குத் தெரியும். இதற்கு 2009-ஐ விடச் சிறந்த சாட்சி இல்லை. அமெரிக்கப் பங்குகளில் மொமெண்டம் என்ற உத்தி புகழ்பெற்றது. கடந்த ஓராண்டில் அதிகம் ஏறியவற்றை வாங்கி, அதிகம் விழுந்தவற்றை விற்று வைப்பது. 2008-இல் வங்கிப் பங்குகள் சரியச் சரிய இந்த உத்தி பணமாகக் கொட்டியது. 2009 மார்ச் தொடக்கத்தில் அதன் லாபக் கோடு கம்பீரமாக நின்றது. எந்தச் சராசரியைப் போட்டாலும் பச்சை விளக்குதான். பிறகு சந்தை திரும்பியது. கென்ட் டேனியலும் டோபியாஸ் மாஸ்கோவிட்சும் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மார்ச் முதல் மே வரையான மூன்றே மாதத்தில் விழுந்துகிடந்த பங்குகளின் கூட்டம் 163 சதவீதம் ஏறியது. ஓடிக்கொண்டிருந்த பங்குகளின் கூட்டம் 8 சதவீதம்தான் ஏறியது. விற்று வைத்தவை ஏறி, வாங்கி வைத்தவை நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெதுவாக நகரும் சராசரி சிவப்பு காட்டும்போது பெரும்பகுதி போயிருக்கும்.

அதே உத்தியில் வேறொரு வழி நன்றாகவே உதவியது. பெட்ரோ பரோசோவும் பெட்ரோ சான்டா கிளாராவும் 2015-இல் எழுதிய ஆய்வில் உத்தியின் லாபத்தை அவர்கள் பார்க்கவில்லை. அது எவ்வளவு குலுங்குகிறது என்று பார்த்தார்கள். கடந்த ஆறு மாதத்தில் மொமெண்டம் கணக்கு அதிகம் ஆடியிருந்தால் பணத்தைக் குறைப்பது, அமைதியாக இருந்தால் கூட்டுவது. மொமெண்டத்தின் பெரிய சரிவுகள் இதனால் வெகுவாகக் குறைந்தன. எடுத்த ஆபத்துக்குக் கிடைத்த வருமானத்தை அளக்கும் ஷார்ப் விகிதம் 0.53-லிருந்து 0.97-ஆக உயர்ந்தது. காரணம் எளிது. நேற்றைய லாபம் நாளைய லாபத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. நேற்றைய குலுக்கல் நாளைய குலுக்கலைப் பற்றி நிறையவே சொல்லும். கூட்டமாக வருவது உண்மையில் குலுக்கல்தான், அதைப் பலர் நஷ்டத்தின் கூட்டம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

முழுதாக நிறுத்துவதா, ஓட்டுவதா என்ற இரண்டுக்கும் நடுவிலும் இடம் இருக்கிறது. ஆமைகள் விஷயத்தில் டென்னிஸ் அதைத்தான் செய்தார். கணக்கு 10 சதவீதம் சரிந்தால், வியாபாரத்தின் அளவை 20 சதவீதம் குறைக்க வேண்டும். 10 லட்சம் டாலர் கணக்கு 9 லட்சமானால், கையில் 8 லட்சம்தான் இருப்பதாக நினைத்து லாட் போட வேண்டும். டிரேடு எதுவும் நிற்காது, பெரிய ஓட்டம் வந்தால் சிறிய அளவிலாவது அதில் இருப்பார்கள். கோடு மீண்டும் ஏறினால் பழைய அளவுக்குத் திரும்பலாம். நம் இரண்டாவது வரிசை போல மாறி மாறி வரும் முடிவுகளில் இந்த முறையும் கொஞ்சம் தின்னும், ஆனால் 13,000-ஐ 4,000 ஆக்கும் அளவுக்கு இல்லை.

உத்தியே செத்துப்போகும் நேரம் என்று ஒன்று உண்டு. வடிகட்டியின் ஆதரவாளர்கள் முன்வைக்கும் வலுவான வாதம் அதுதான். உத்தி ஒரு நாள் பலிக்காமல் போனால், சராசரி தானாகவே நிறுத்திவிடும் என்பார்கள். மெல்லச் சாகும் உத்திக்கு இது சரி. ஆனால் உத்தியின் சாவு சில நேரம் தேதி குறித்து அறிவிக்கப்படும். பேங்க் நிஃப்டி வாராந்திர ஆப்ஷன்களை விற்று, எக்ஸ்பைரி நாளில் பிரீமியம் கரைவதை நம்பி ஓடிய உத்திகள் நம் ஊரில் எத்தனையோ. ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் ஒரே ஒரு இண்டெக்ஸில்தான் வாராந்திர எக்ஸ்பைரி வைக்கலாம் என்று செபி 2024 அக்டோபர் 1-ஆம் தேதி சொல்லிவிட்டது. நடைமுறைக்கு வந்தது நவம்பர் 20. பேங்க் நிஃப்டியின் கடைசி வாராந்திர எக்ஸ்பைரி நவம்பர் 13-ஆம் தேதியோடு முடிந்தது. அந்த ஆறு வாரமும் லாபக் கோடு சராசரிக்கு மேலேயே இருந்திருந்தாலும், உத்திக்கு நவம்பர் 14 என்று ஒரு நாள் இல்லை.

அதை அப்படியே நிஃப்டி வாராந்திர ஆப்ஷனுக்கு மாற்றியவர்கள் பலர். பழைய நிழல் கணக்கையும் கூடவே தூக்கிக்கொண்டு போனால், பேங்க் நிஃப்டியின் சரித்திரத்தை வைத்து நிஃப்டி டிரேடை நிறுத்துவதும் ஓட்டுவதுமாக இருக்கும். புதிய சந்தைக்குப் புதிய கணக்கு, அதில் போதுமான டிரேடுகள் சேரும்வரை வடிகட்டிக்கு வேலை இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் நிஃப்டியின் எக்ஸ்பைரி வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறியபோதும் இதே வேலை இன்னொரு முறை வந்தது.